கார்ப் கணக்கு: சொல்லும் அளவும்

சர்க்கரை நோய்க்காக டயட்டீஷியனைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கையில் இருக்கும் தாளில் “மதியம் 45 கிராம் கார்ப்” என்று எழுதியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் அதை இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். சிலர் 45 கிராம் சோறுதான் சாப்பிடலாம் என்று நினைத்து, இரண்டு கைப்பிடியோடு எழுந்துவிடுகிறார்கள். சிலர் கார்ப் என்றால் இனிப்பு என்று எடுத்துக்கொண்டு, காபியில் சீனியை நிறுத்திவிட்டுச் சோற்றை வழக்கம்போல் போட்டுக்கொள்கிறார்கள். இரண்டுமே தவறு. அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று தெரிந்துகொண்டால் இரண்டையும் தவிர்க்கலாம்.

கார்ப் என்பது கார்போஹைட்ரேட் என்பதன் பேச்சுக் குறுக்கம். கார்பன் என்றால் கரி, ஹைட்ரேட் என்றால் நீர் சேர்ந்தது. 1844இல் கார்ல் ஷ்மிட் என்ற வேதியியலாளர் ஜெர்மன் மொழியில் ‘கோலன்ஹைட்ராட்’ என்று இந்தப் பொருள்களுக்குப் பெயர் வைத்தார். அதற்கும் அதே பொருள்தான். குளுக்கோஸின் வாய்பாடு C6H12O6. அதைப் பிரித்து எழுதினால் ஆறு கரி அணுவுக்கு ஆறு நீர் மூலக்கூறு என்று கணக்கு சரியாக வரும். கரியும் தண்ணீரும் சும்மா கலந்து கிடப்பதில்லை என்பது பிறகு தெரியவந்தது. ஆனாலும் பெயர் நின்றுவிட்டது. அடுப்பில் சர்க்கரையை மறந்துவிட்டால் ஆவி பறந்து, அடியில் கறுப்பாகக் கரி தங்கும். பெயர் வைத்தவர் சொன்னது அதில் கண்ணுக்கே தெரியும்.

தமிழில் நாம் இதை மாவுச்சத்து என்கிறோம். சமையலறையில் இருந்து வந்த சொல் என்பதால் எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் கணக்குப் போடும்போது இது கொஞ்சம் குறுகிவிடுகிறது. அரிசியிலும் கிழங்கிலும் இருக்கும் ஸ்டார்ச் மட்டும்தான் உண்மையில் மாவு. பாலில் இருக்கும் லாக்டோஸ், பழத்தில் இருக்கும் சர்க்கரை, காபியில் போடும் சீனி எல்லாமே கார்போஹைட்ரேட்தான், ஆனால் எதுவும் மாவு இல்லை. இலங்கைப் பாடநூல்களில் இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது: ஸ்டார்ச்சுக்கு மாப்பொருள், முழு வகைக்குக் காபோவைதரேற்று. நார்ச்சத்தும் வேதியியல்படி இதே குடும்பம்தான் என்றாலும், அது செரித்து ரத்தத்தில் சர்க்கரையாக மாறுவதில்லை. ஆக, சர்க்கரை நோய்க்காரர் எண்ண வேண்டியது மாவும் சர்க்கரையும் சேர்ந்த தொகையை. மாவுச்சத்து என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம், அதற்குள் பாலும் பழமும் அடங்கும் என்று நினைவிருந்தால் போதும். ‘கார்ப் கவுண்டிங்’ என்பதற்கு ‘மாவுச்சத்துக் கணக்கு’ என்றே சொல்வேன். ‘எண்ணுதல்’ என்றால் நாலு இட்லி, மூணு சப்பாத்தி என்று உருப்படியை எண்ணுவதாகத் தோன்றிவிடும். இங்கே கணக்கிடுவது உருப்படிக்குள் இருக்கும் கிராமை.

இந்தக் கணக்கு யாருக்குக் கட்டாயம் என்றால், சாப்பாட்டுக்கு முன் வேகமாக வேலைசெய்யும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்கு. முதல் வகை சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் இதில் வருவார்கள். ஒரு யூனிட் இன்சுலின் எத்தனை கிராம் மாவுச்சத்தைச் சமாளிக்கும் என்ற விகிதத்தை மருத்துவர் ஒவ்வொருவருக்கும் தனியாகக் கண்டுபிடித்துக் கொடுப்பார். ஒரே ஆளுக்குக் காலையில் ஒன்றும் இரவில் ஒன்றுமாகக்கூட அது இருக்கும். மாத்திரை மட்டும் சாப்பிடும் இரண்டாம் வகைக்காரருக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. வேளைக்கு வேளை மாவுச்சத்து ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ள அவருக்கு இந்தக் கணக்கு உதவும்.

பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். மதியத்துக்கு அவனுடைய விகிதம் 12 கிராமுக்கு ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் 300 கிராம் அரிசி குக்கரில் வைக்கிறார்கள். வேகாத அரிசியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 78 கிராம் மாவுச்சத்து. அப்படியானால் குக்கருக்குள் போனது 234 கிராம். வெந்த பிறகு சோறு 900 கிராம் நிற்கிறது. காலிப் பாத்திரத்தின் எடையை முதலிலேயே குறித்து வைத்திருந்தால், சோற்றோடு நிறுத்துக் கழித்துக்கொள்ளலாம். ஏறிய 600 கிராமும் வெறும் தண்ணீர். மாவுச்சத்து அதே 234 கிராம்தான். இப்போது 234ஐ 900 கிராமுக்குப் பகிர்ந்தால், 100 கிராம் சோற்றுக்கு 26 கிராம் வரும். பையன் தட்டில் 180 கிராம் சோறு விழுந்தால் மாவுச்சத்து 47 கிராம், இன்சுலின் ஏறத்தாழ 4 யூனிட்.

உதிரியாக வடித்தால் 100 கிராமுக்கு 28 வரை போகும். குழைய வைத்தால் 22க்குக்கூட இறங்கும். அதனால் இணையத்தில் பார்த்த எண்ணைவிட உங்கள் வீட்டுக் குக்கரின் எண்தான் உங்களுக்குப் பொருந்தும். ஒரே அரிசி, ஒரே அளவு தண்ணீர் என்றால் இரண்டு மூன்று முறை நிறுத்தாலே அந்த எண் கிடைத்துவிடும். அதன் பிறகு தினமும் தராசு எடுக்க வேண்டாம். அந்த 180 கிராமுக்குப் பொருந்தும் கிண்ணம் ஒன்றை ஒதுக்கிவைத்தால் போதும். ஆனால் ‘ஒரு கப்’ என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி, அமெரிக்கச் சமையல் குறிப்பில் வரும் கப் 240 மில்லி, நம் வீட்டு டம்ளர் எவ்வளவோ.

இந்தக் கணக்கில் மிக ஆபத்தான பிழை ஒன்று இருக்கிறது. அரிசிப் பையின் பின்னால் 78 என்று போட்டிருப்பது வேகாத அரிசிக்கு. அதை எடுத்து 180 கிராம் சோற்றோடு பெருக்கினால் 140 கிராம் வரும். அதே விகிதத்தில் பையனுக்குப் போடுவது கிட்டத்தட்ட 12 யூனிட் ஆகிவிடும். தேவையைப்போல் மூன்று மடங்கு. சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடும். 100 கிராம் சோற்றுக்கு 35க்கு மேல் ஓர் எண் வந்தால், அது வேகாத அரிசியின் எண் என்று வைத்துக்கொண்டு ஊசியை எடுக்காமல் மறுபடி கணக்குப் பாருங்கள்.

இட்லிக்கு வழி வேறு. மாவு அரைக்கும்போதே கணக்குப் போட்டுவிடலாம். 400 கிராம் இட்லி அரிசியில் 308 கிராம் மாவுச்சத்து, 100 கிராம் உளுந்தில் சுமார் 50. மொத்தம் 360 என்று வைத்துக்கொண்டு, அந்த மாவில் 30 இட்லி வந்தால் ஒன்றுக்கு 12 கிராம். புளிக்கும்போது கொஞ்சம் குறையும்தான், அது கணக்கைப் பாதிக்கிற அளவுக்கு இல்லை. பையனின் 180 கிராம் சோற்றுக்கு ஈடு நாலு இட்லி என்று ஆகிறது. ஹோட்டல் இட்லி இதைவிடப் பெரியது, ஒன்றே 20 கிராமைத் தொடலாம். அங்கே ‘நாலு’ என்ற எண் பொருந்தாது.

இங்கே ஒரு சுவையான பொருத்தம் உண்டு. ஜெர்மனியில் மாவுச்சத்தை ‘ரொட்டி அலகு’ என்று கணக்கிடும் வழக்கம் இருந்தது. ஓர் அலகு 12 கிராம். அமெரிக்காவில் 15 கிராமையும் பிரிட்டனில் 10 கிராமையும் ஒரு பங்காக எடுத்துக்கொள்கிறார்கள். நம் வீட்டுச் சிறிய இட்லி ஏறக்குறைய அந்த ஜெர்மன் அலகுக்கே வந்து நிற்கிறது. பாட்டிக்குக் கிராமில் சொல்வதைவிட ‘இந்தச் சோறு நாலு இட்லிக்குச் சமம்’ என்று சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார். இந்த முறையில் கணக்குச் சொல்லிக் கொடுப்பதை நான் மனமார ஆதரிக்கிறேன்.

அடுத்து சப்பாத்தி. “சுகர் இருக்கு, ராத்திரி சப்பாத்திதான்” என்று சொல்லாத வீடு தமிழ்நாட்டில் அரிது. கோதுமை மாவில் 100 கிராமுக்குச் சுமார் 65 கிராம் மாவுச்சத்து. நார்ச்சத்து அரிசியைவிடக் கூடுதல், அதனால் சர்க்கரை கொஞ்சம் நிதானமாக ஏறலாம். ஆனால் ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவு பிடித்தால் மாவுச்சத்து 20 கிராம் ஆகிவிடுகிறது. மூன்று சப்பாத்தி 60 கிராம், அதாவது ஐந்து இட்லி. பையனின் மதியச் சோற்றைவிட அது அதிகம். உருண்டையை உருட்டும்போதே தராசில் வைத்துப் பார்த்தால் உங்கள் சப்பாத்தியின் எண் தெரிந்துவிடும். பிசைந்த மாவு உருண்டை 45 கிராம் நின்றால், உலர்ந்த மாவு ஏறக்குறைய 28 கிராம் என்று கொள்ளலாம். கேழ்வரகு, சாமை, வரகு எல்லாமும் 100 கிராமுக்கு 65ஐ ஒட்டித்தான் இருக்கின்றன. சிறுதானியம் என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்பது இந்தக் கணக்கில் நிற்காது.

கூட வருவதையும் விடக் கூடாது. 10 கிராம் துவரம்பருப்பு போன சாம்பாரில் ஐந்தாறு கிராம் மாவுச்சத்து, 100 மில்லி பாலில் ஐந்து கிராம். பொரியலில் உருளைக்கிழங்கு இருந்தால் அதற்கும் தனியாகச் சேர்க்க வேண்டும். கீரை, வெண்டை, கத்தரி போன்றவற்றை அளவோடு சாப்பிட்டால் சேர்க்காமல் விடலாம்.

கணக்கு சரியா என்று சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் தெரியும். சாப்பிடும் முன் 120 இருந்தால், இரண்டு மணி நேரத்தில் 30 முதல் 50 வரை ஏறுவது சாதாரணம். நிறுத்துச் சாப்பிட்ட அதே சாப்பாட்டுக்குத் தொடர்ந்து அதற்கு மேல் போனாலோ, 70க்குக் கீழே இறங்கினாலோ, எண்ணில் தவறில்லை என்று உறுதிசெய்துகொண்டு விகிதத்தை மாற்றச் சொல்லி மருத்துவரிடம் குறிப்பேட்டைக் காட்டுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம். 70க்குக் கீழே இறங்கியவருக்கு உடனே 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

இந்தக் கணக்குக்குள் அடங்காத சாப்பாடும் உண்டு. பிரியாணி, பரோட்டா போல எண்ணெயும் கொழுப்பும் நிறைந்தவற்றில் மாவுச்சத்தைச் சரியாகப் போட்டாலும், இரண்டாம் மணியில் நல்ல எண் காட்டி நாலாவது மணியில் சர்க்கரை ஏறும். கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துவதே காரணம். இரண்டாம் மணியோடு நிறுத்தாமல் படுக்கப் போகும் முன் இன்னொரு முறை விரல் குத்திப் பார்த்தால்தான் அது பிடிபடும்.