நிற்பதுபோல் தெரியும் வாள்

கிளிநொச்சிப் பக்கத்து மரத்தளபாடப் பட்டறை ஒன்றில், புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்குக் காட்டப் பாதுகாப்புக் காணொளி ஒன்று தேவை என்று வைத்துக்கொள்வோம். புதிதாகப் படம்பிடிக்க வேண்டியதில்லை. முதிரைப் பலகை அறுத்தபோது எடுத்த காணொளித் துண்டுகளும் படங்களும் ஆட்களின் கைத்தொலைபேசிகளிலேயே கிடக்கும். அவற்றைத் தொகுக்குமுன் வட்டவாள் தெரியும் துண்டுகளைத் தனியே பார்க்க வேண்டும். அவற்றில் சில பொய் சொல்லும்.

வாளில் 40 பற்கள், மோட்டார் நிமிடத்துக்கு 2880 சுற்று என்றால், நொடிக்கு 48 சுற்று. ஓர் இடத்தை நொடிக்கு 1920 பற்கள் கடக்கின்றன. தொலைபேசி நொடிக்கு 30 படம் எடுக்கிறது. இரண்டு படங்களுக்கு இடையில் சரியாக 64 பற்கள் நகர்ந்திருக்கும். ஒரு பல் இருந்த இடத்தில் வேறொரு பல் வந்து நிற்பதால் வாள் அசையாததுபோல் தெரிகிறது. வேகம் சற்றுக் குறைந்தால் பற்கள் பின்னோக்கி ஊர்வதுபோலவும் தோன்றும்.

இந்த மயக்கம் வெளிச்சத்தால் கூடுகிறது. வன்னி வெயிலில், முற்றத்தில் எடுத்தால், தொலைபேசி ஒவ்வொரு படத்துக்கும் நொடியில் 4000இல் ஒரு பங்கு நேரம் மட்டுமே ஒளியை உள்ளே விடக்கூடும். அதற்குள் வாள் அரைப் பல் தூரம்தான் திரும்பும். பற்கள் ஓரளவு தெளிவாகவே விழும். கூரைக்குள்ளே, நொடியில் 100இல் ஒரு பங்கு நேரம் என்றால், வாள் கிட்டத்தட்ட அரைச் சுற்று சுற்றிவிடும். பற்கள் கலங்கி வெறும் வட்டமாகும். அழகில்லாத அந்தத் துண்டுதான் நமக்கு வேண்டியது.

மோசமான இடம் சுவிட்சை நிறுத்திய பிறகு வருவது. வாள் வேகம் இழக்க இழக்க, நிமிடத்துக்கு 45 சுற்றுக் குறையும் ஒவ்வொரு முறையும் பற்கள் நின்றதுபோல் தெரியும். வேகம் இறங்கியபின் கலங்கலும் குறைவதால் கடைசி நொடிகள் இன்னும் ஏமாற்றும். மரத்தூளைத் தட்டிவிடக் கை நீளுவதும் அப்போதுதான்.

சோதிக்க எளிய வழி, பற்களை விட்டுவிட்டு வாளில் அச்சிட்ட எழுத்தைப் பார்ப்பது. பற்கள் நிற்க, எழுத்து மட்டும் இடம் மாறி மாறி மின்னினால் வாள் சுற்றுகிறது. முழு வேகத்தில் அது 5 இடங்களில் மாறி மாறித் தெரியும்.

தொகுப்பு மென்பொருளால் இதைத் திருத்த முடியாது. அடுத்தடுத்த படங்கள் ஒன்றுபோலவே இருந்தால், அவற்றைக் கலந்தாலும் அதேதான் வரும். மெதுவாக ஓட்டினால் பொய் நீளும். ஆனால் அதே துண்டின் ஒலி ஏமாற்றாது: இரைச்சல் உயரத்திலிருந்து சறுக்கி இறங்குவது கேட்கும்வரை வாள் சுற்றுகிறது. ஆகவே அந்த இடத்தில் பின்னணி இசை போடக் கூடாது (பலர் முதலில் செய்வதே அதுதான்). சுவிட்ச் போட்ட கணத்திலிருந்து, ஒலி அடங்கி வாளில் அச்சிட்ட எழுத்தும் ஒரே இடத்தில் நிற்கும்வரை "வாள் சுற்றுகிறது" என்று சிவப்பில் எழுதி வைக்கலாம். பற்களையும் காப்புக் கவசத்தையும் விளக்க, மின்செருகியைக் கழற்றி வைத்து எடுத்த நிழற்படமே போதும். அந்தச் செருகியும் படத்துக்குள் தெரிய வேண்டும். வெயில் துண்டு மட்டுமே கையில் இருந்தால் அதை விட்டுவிட்டு, கூரைக்குள் பத்து நொடி புதிதாக எடுப்பது மேல்.