மூலதன வரி ‘கடைசியில்’ ஏன் பூஜ்யமாக வேண்டும்?

பொருளியலில் 1995-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்ற ராபர்ட் லூகாஸ், 1990-இல் எழுதிய ஒரு கட்டுரையில் தம் மனமாற்றத்தைச் சொல்கிறார். 1963-இல் பல்கலைக்கழகப் படிப்பை முடித்து வெளியே வந்தபோது, சொத்து விற்பனையில் வரும் லாபத்துக்கும் சம்பளத்துக்கு விதிப்பது போலவே முழு வரி விதிக்க வேண்டும் என்று அவர் உறுதியாக நம்பினார். அமெரிக்க வரி அமைப்பில் செய்யத்தக்க மிகச் சிறந்த சீர்திருத்தம் அதுவே என்பது அவர் எண்ணம். கால் நூற்றாண்டுக்குப் பிறகு அவர் நேர் எதிர்ப்பக்கம் வந்து நின்றார். வட்டி, ஈவுத்தொகை, சொத்து லாபம் என மூலதனத்திலிருந்து வரும் எந்த வருமானத்துக்கும் வரியே கூடாது என்றார்.

அவரை மாற்றியது செல்வந்தர்கள் மீதான பரிவு அல்ல, ஒரு கணக்கு. 1985-இல் கென்னத் ஜட்டும் 1986-இல் கிறிஸ்டோஃப் சாம்லியும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். அரசுக்குச் செலவு இருக்கிறது, அதற்கு வரி தேவை. ஆனாலும் நீண்ட காலத்தில் மூலதன வருமானத்தின் மீது விதிக்கத்தக்க சிறந்த வரி பூஜ்யமே என்பது அந்த முடிவு. முதல் முறை கேட்கும்போது எவருக்கும் இது அநியாயமாகத்தான் படும். உழைத்துச் சம்பாதிப்பவர் வரி கட்ட வேண்டும், சொத்தின் மேல் உட்கார்ந்திருப்பவர் கட்ட வேண்டாமா? கோபப்படுவதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. ஏனெனில் ஜட்டின் மாதிரியில் இந்த வரியை எதிர்ப்பவர்கள் முதலாளிகள் மட்டும் அல்லர், சொத்தே இல்லாத தொழிலாளர்களும்தான்.

முதலில் கூட்டுவட்டி. முதலீடு ஆண்டுக்கு 5 சதவீதம் ஈட்டுகிறது என்று கொள்வோம். அந்த வருமானத்தில் 40 சதவீதம் வரியாகப் போனால் கையில் நிற்பது 3 சதவீதம். இன்று 100 அலகு செலவழிக்காமல் சேமிப்பவருக்கு அடுத்த ஆண்டு 105-க்குப் பதில் 103 கிடைக்கும். வித்தியாசம் அற்பம்தான். ஆனால் முப்பது ஆண்டுகள் காத்திருந்தால், வரியில்லாமல் 432 ஆகியிருக்க வேண்டிய தொகை வரியோடு 243 ஆகத்தான் நிற்கும். முப்பது ஆண்டுக்குப் பிறகு வாங்கும் பொருளின் விலையை இந்த வரி 78 சதவீதம் உயர்த்திவிட்டது என்று இதையே மாற்றிச் சொல்லலாம். அறுபது ஆண்டுகளானால் அந்த மறைமுக வரி 200 சதவீதத்தைத் தாண்டிவிடும். விகிதம் எப்போதும் அதே 40 சதவீதம்தான். ஆனால் நுகர்வு எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவுக்கு அதன் மேல் விழும் சுமை பெருத்துக்கொண்டே போகிறது. சம்பளத்தின் மீதான வரி இப்படி வளராது. அது இன்றைய செலவையும் நாளைய செலவையும் ஒரே விகிதத்தில்தான் குறைக்கும்.

இந்த வளர்ச்சி ஏன் குற்றம் என்பதற்கு விடை 1927-இல் இருக்கிறது. அப்போது 24 வயதான பிராங்க் ராம்சே, அரசுக்குத் தேவையான தொகையைக் குறைந்த சேதத்தோடு திரட்டுவது எப்படி என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். எந்தப் பொருளுக்கு வரி போட்டால் மக்கள் அதைப் பெரிதாகக் கைவிட மாட்டார்களோ, அதன்மேல் அதிக வரி போடலாம் என்பது அவருடைய விடையின் சாரம். எல்லாப் பொருள்களும் இந்த விஷயத்தில் ஒன்றுபோல் இருந்தால் வரியும் ஒன்றுபோல் இருக்கட்டும். இப்போது ‘இந்த ஆண்டுச் சோறு’, ‘முப்பது ஆண்டு கழித்த சோறு’ ஆகியவற்றை இரு வேறு பொருள்களாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதன் மேல் எல்லையற்று வளரும் வரியைச் சுமத்த ராம்சேயின் விதியில் எந்தக் காரணமும் கிடைக்காது. சுமை வளராமல் நிற்க வேண்டுமானால் மூலதன வரி ஒரு கட்டத்தில் பூஜ்யத்துக்கு வந்தாக வேண்டும்.

அடுத்த வாதம் எனக்கு இதைவிட வலுவாகப் படுகிறது. வரியைக் கட்டுபவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர் என்பதை அது காட்டுகிறது.

சேமிப்பவர்களுக்கு ஒரு பொறுமை விகிதம் உண்டு. வரி போக ஆண்டுக்கு 3 சதவீதம் கிடைத்தால்தான் இருக்கும் மூலதனத்தைக் குலைக்காமல் வைத்திருப்பார்கள் என்று கொள்வோம். வரியே இல்லாத நாட்டில் மூலதனம் 3 சதவீதம் ஈட்டும் நிலையில் எல்லாம் அமைதியாக இருக்கிறது. அங்கே அரசு 40 சதவீத வரி விதிக்கிறது. கையில் வருவது 1.8 சதவீதமாகிறது. இனி புதிய இயந்திரங்களில் போடுவதைவிடச் செலவழிப்பதே மேல் என்று உரிமையாளர்கள் முதலீட்டைக் குறைக்கிறார்கள். மூலதனம் சுருங்கச் சுருங்க, எஞ்சிய ஒவ்வொரு இயந்திரமும் அரிதாகி அதன் ஈட்டம் உயர்கிறது. ஈட்டம் 5 சதவீதத்தைத் தொட்டதும் வரி போக மீண்டும் 3 சதவீதம் கிடைக்கிறது, சுருக்கம் நிற்கிறது. முதலீடு செய்த ஒவ்வோர் அலகுக்கும் உரிமையாளர் பெறுவது வரிக்கு முன்பும் 3, பின்பும் 3. அப்படியானால் வரியைக் கட்டியது யார்?

எண்களைப் போட்டுப் பார்ப்போம். மொத்த உற்பத்தி 100. பாடநூல்களில் வழக்கமாக எடுத்துக்கொள்வதுபோல் மூலதனத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, கூலிக்கு மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 66.7. இப்போதைக்கு இயந்திரத் தேய்மானத்தை விட்டுவிடுவோம். ஈட்டம் 3-லிருந்து 5 சதவீதமாக ஏற வேண்டுமானால் மூலதனம் பழைய அளவில் 46 சதவீதமாகச் சுருங்க வேண்டும். உற்பத்தி 77.5 ஆகிறது. கூலி 51.6-க்கு இறங்குகிறது, 15 போய்விட்டது. அரசுக்கு வந்த வரி எவ்வளவு? மூலதன வருமானமான 25.8-இல் 40 சதவீதம், அதாவது 10.3. அரசு இதில் ஒரு காசுகூட எடுத்துக்கொள்ளாமல் அனைத்தையும் தொழிலாளர்களுக்கே திருப்பித் தந்தாலும் அவர்களிடம் இருப்பது 62 தான். வரி இல்லாதபோது 66.7 இருந்தது.

தேய்மானம் ஆண்டுக்கு 5 சதவீதம் என்று சேர்த்துக்கொண்டால் சேதம் குறைகிறது. கூலியின் இழப்பு 7, வரி வசூல் 6 என்று வருகிறது. இருந்தும் இழப்பு வசூலைவிட அதிகம். எண்களை எப்படி மாற்றினாலும் இந்தத் திசை மாறாது. காரணம் எளிது: வரி, எஞ்சிய இயந்திரங்களிலிருந்து மட்டுமே வசூலாகிறது. கூலியோ காணாமல் போன இயந்திரங்களாலும் குறைகிறது.

இதுவரை ‘நீண்ட காலத்தில்’, ‘கடைசியில்’ என்றே சொல்லிவந்தேன். கோட்பாட்டின் உயிர்நாடி அந்தச் சொல்தான். மேடையில் இதை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் அதைத்தான் விழுங்கிவிடுகிறார்கள். சாம்லியின் சிறந்த திட்டத்தில் முதல் நாளிலிருந்தே வரி பூஜ்யம் அல்ல. தொடக்கத்தில் அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்புவரை மூலதனத்துக்கு வரி உண்டு. கட்டி முடித்த தொழிற்சாலையை எவரும் கட்டாமல் விட்டுவிட முடியாது. அதனால் அதன்மீதான வரி யாருடைய முடிவையும் கெடுப்பதில்லை. அப்படித் திரட்டிய பணத்தில் அரசு கடனை அடைத்து, சொத்தும் சேர்த்து, பிற்காலத்தில் வரியின் தேவையைக் குறைத்துக்கொள்கிறது.

ஆனால் இன்று புதிதாகக் கட்டப்படும் தொழிற்சாலை பத்து ஆண்டு கழித்து ‘ஏற்கெனவே கட்டியது’ ஆகிவிடும். அன்றைய அரசுக்கு, தந்த வாக்கை மீறி இன்னொரு முறை வரி போடுவதே லாபமாகத் தெரியும். சேமிப்பவர்களுக்கும் இது தெரியும் என்பதால் வாக்கை முதலிலேயே நம்ப மாட்டார்கள். இந்தச் சிக்கலைக் கிட்லண்டும் பிரெஸ்காட்டும் 1977-இலேயே பொதுவான வடிவில் காட்டிவிட்டார்கள். சாம்லியின் திட்டமோ, அரசு தன் கையைத் தானே என்றென்றைக்கும் கட்டிக்கொள்ளும் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது.

மற்ற அனுமானங்களும் லேசானவை அல்ல. பிள்ளைகளின் நலனைத் தம் நலனாகவே எண்ணி முடிவின்றித் திட்டமிடும் குடும்பங்கள் வேண்டும். தமக்காக மட்டும் சேமித்துச் செலவழித்துவிட்டுப் போகிறவர்களின் உலகில் அறுபது, நூறு ஆண்டுக் கூட்டுவட்டிச் சுமைக்கு இடமில்லை. நோய், வேலையிழப்பு போன்றவற்றுக்குக் காப்பீடு முழுமையாகக் கிடைக்கவும் வேண்டும். கிடைக்காத இடத்தில் மக்கள் பயத்தால் தேவைக்கு மேல் சேமிக்கிறார்கள் என்றும், அப்போது ஓரளவு மூலதன வரி நீண்ட காலத்திலும் நன்மையே என்றும் 1995-இல் ராவ் ஐயகாரி நிறுவினார்.

பலத்த அடி 2020-இல் விழுந்தது. லுட்விக் ஸ்ட்ராபும் இவான் வெர்னிங்கும் பழைய நிரூபணத்துக்குள்ளேயே போய், எல்லாம் ஒரு நிலைத்த புள்ளிக்கு வந்து சேரும் என்பதை அது முன்கூட்டியே எடுத்துக்கொண்டதைச் சுட்டிக்காட்டினார்கள். ஜட்டின் மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஈட்டம் மாறும்போது மக்கள் தங்கள் செலவை இன்றிலிருந்து நாளைக்கு அதிகம் நகர்த்தாதவர்களானால், பின்னால் கடும் வரி வரப்போகிறது என்ற செய்தி அவர்களை இன்றே கூடுதலாகச் சேமிக்கத் தூண்டும். நாளைய இழப்பை ஈடுகட்டத்தான். அந்தக் கூடுதல் சேமிப்பு அரசுக்கு வேண்டியது என்பதால், தொலைவில் வரியை இறக்குவதற்குப் பதில் ஏற்றுவதே சிறந்தது என்று ஆகிவிடுகிறது. மக்கள் நன்றாக நகர்த்துபவர்களாக இருந்தால் பூஜ்யம் வரும். ஆனால் அங்கேயும் வந்து சேர நூற்றாண்டுகள் ஆகலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் பழைய வாதத்தில் ஒரு பகுதி உடையாமல் நிற்கிறது என்பது என் கருத்து. அந்த வாதம் முழுவதும் காத்திருப்பதற்கான கூலியை, அதாவது இயல்பான ஈட்டத்தைப் பற்றியதே. ஏகபோகத்தால் வரும் லாபமும் நிலத்தின் மதிப்பு தானே உயர்வதால் வரும் ஆதாயமும் அந்த வகையில் சேராது. வரி போட்டாலும் நிலம் சுருங்காது. ‘மூலதன வருமானம்’ என்ற ஒரே பெயருக்குள் இரண்டும் கிடப்பதால்தான் விவாதம் குழம்புகிறது.

அவற்றைப் பிரிக்க முடியும் என்பதற்கு நார்வே 2006-இல் கொண்டுவந்த பங்குதாரர் வரி ஒரு சான்று. பங்கை வாங்கிய விலையின் மேல், ஆபத்தில்லாத அரசுப் பத்திரங்களின் வட்டியை ஒட்டி ஒரு விலக்குத் தொகை ஆண்டுதோறும் கணக்கிடப்படுகிறது. தனிநபரின் ஈவுத்தொகையும் விற்பனை லாபமும் அந்தத் தொகையைத் தாண்டினால், தாண்டியதற்கு மட்டும் அவர் வரி கட்டுகிறார். ஓர் ஆண்டில் பயன்படாத விலக்கு அடுத்த ஆண்டுக்குப் போய்ச் சேர்கிறது. நிறுவனத்தின் லாபத்தின் மீதான வரி மட்டும் அப்படியே தொடர்கிறது.