அரிசி விலை ஏறினால் கூடுதல் அரிசி வாங்கும் வீடு

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது சென்னைச் சமையலறைகளில் என்ன நடந்தது? ரசத்தில் புளியின் பங்கு கூடியது, சாம்பாரில் தக்காளி பெயருக்கு மிதந்தது, கடையில் ஒரு கிலோ கேட்டவர்கள் கால் கிலோவோடு திரும்பினார்கள். விலை ஏறினால் வாங்குவது குறையும் என்ற விதியை யாரும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இந்த விதி தலைகீழாகும் ஒரு இடம் உண்டு. ஏழைக் குடும்பம் ஒன்று வயிற்றை நிரப்ப நம்பியிருக்கும் மலிவான தானியத்தின் விலை ஏறுகிறது. அந்தக் குடும்பம் அதையே முன்பைவிட அதிகமாக வாங்குகிறது. பொருளாதாரத்தில் இப்படிப்பட்ட பொருளைக் கிஃபன் பண்டம் என்பார்கள். ஆல்பிரட் மார்ஷல் 1895இல் வெளிவந்த தன் பாடநூலின் மூன்றாம் பதிப்பில், ஆங்கிலேயத் தொழிலாளர் வீடுகளில் ரொட்டி இப்படித்தான் இருக்கிறது என்று எழுதி, அதைக் கவனித்துச் சொன்ன பெருமையை ராபர்ட் கிஃபன் என்ற ஸ்காட்லாந்துக்காரருக்குக் கொடுத்தார். வேடிக்கை என்னவென்றால், கிஃபன் அதை எங்கே எழுதினார் என்று பின்னால் வந்தவர்கள் தேடிப் பார்த்தும் அந்த இடம் அகப்படவில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இது எப்படி நடக்கும் என்பதை ஒரு வீட்டுக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். வியாசர்பாடியில் நாலு பேர் கொண்ட குடும்பம். ரேஷன் அட்டை இன்னும் கைக்கு வரவில்லை. தினக்கூலியில் வாடகை, பஸ், கடன் தவணை போகச் சாப்பாட்டுக்கு ஒதுக்க முடிவது நாளுக்கு 140 ரூபாய். நாலு பேருக்கும் சேர்த்து 7,700 கலோரி கிடைத்தால்தான் பசியில்லாமல் வேலைக்கும் பள்ளிக்கும் போக முடியும் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, அவர்கள் வாங்குவது இரண்டே பொருள்: அரிசியும் முட்டையும். அரிசி கிலோ 40 ரூபாய், ஒரு கிலோவில் ஏறக்குறைய 3,500 கலோரி. முட்டை 6 ரூபாய், ஒன்றில் சுமார் 70 கலோரி.

இந்தக் காசுக்கு அவர்கள் 2 கிலோ அரிசியும் 10 முட்டையும் வாங்கலாம். அரிசிக்கு 80, முட்டைக்கு 60, மொத்தம் 140 ரூபாய். கலோரியும் 7,700 சரியாக வருகிறது. இதைவிட முட்டையைக் கூட்டினால் வயிறு நிரம்பாது; அரிசியைக் கூட்டினால் தட்டில் ருசி குறையும்.

இப்போது அரிசி கிலோ 50 ரூபாய் ஆகிறது. பழையபடியே வாங்கினால் 160 ரூபாய் வேண்டும், 20 ரூபாய் இடிக்கிறது. விதிப்படி பார்த்தால் விலை ஏறிய அரிசியைக் குறைக்க வேண்டும். ஆனால் அரிசியைக் குறைத்து முட்டையால் வயிற்றை நிரப்ப முடியுமா? விலை ஏறிய பிறகும் ஒரு ரூபாய்க்கு அரிசியில் 70 கலோரி கிடைக்கிறது. முட்டையில் 12கூடத் தேறாது. (எண்ணெயிலும் கலோரி மலிவுதான், ஆனால் எண்ணெயைக் குடிக்க முடியாது.) ஆகவே கை வைக்க வேண்டியது முட்டையில். 4 முட்டையை விட்டால் 24 ரூபாய் மிஞ்சும். அதில் 20 ரூபாய் அரிசியின் விலையேற்றத்துக்குப் போய்விடும். மிச்சம் 4 ரூபாய். விட்ட 4 முட்டையோடு 280 கலோரியும் போய்விட்டதே, அதை எங்கிருந்து எடுப்பது? அந்த 4 ரூபாய்க்கு 80 கிராம் அரிசி. அதில் 280 கலோரி. கணக்கு நேராகிவிட்டது.

மளிகைக் கடையில் இது இப்படித்தான் கேட்கும்: “அண்ணா, அரிசி ரெண்டு கிலோவுக்கு மேல கொஞ்சம் போடுங்க. முட்டை ஆறு போதும்.” அரிசி விலை கால் பங்கு ஏறியிருக்கிறது, வாங்கிய அரிசி 2 கிலோவிலிருந்து 2.08 கிலோவாகக் கூடியிருக்கிறது. அந்த அம்மாள் எந்த விதியையும் மீறவில்லை. விலையேற்றம் அவருடைய பணத்தின் ஒரு பகுதியை விழுங்கிவிட்டது. ஏழ்மை கூடியதும் ஏழைச் சாப்பாட்டின் பங்கும் கூடியது.

எந்த விலையேற்றத்திலும் இரண்டு இழுப்புகள் இருக்கின்றன. ஒன்று, விலை ஏறிய பொருளை விட்டு வேறு பொருளுக்குப் போகச் சொல்லும். மற்றொன்று, கையிலிருக்கும் காசின் மதிப்பு குறைந்ததால் வரும் இழுப்பு. தக்காளிக்குச் செலவு சிறியது என்பதால் இரண்டாவது இழுப்பு கண்ணுக்கே தெரியாது. அரிசியே சாப்பாட்டுச் செலவில் பாதிக்கு மேல் இருந்தால் அது பலமாக இழுக்கும். அதோடு, கையில் காசு குறைந்தால் அதிகமாகவும் காசு சேர்ந்தால் குறைவாகவும் வாங்கப்படும் பொருளாக அரிசி இருக்க வேண்டும். அரிசியைவிட மலிவாக வயிறு நிரப்பும் வேறொன்று அருகில் இருக்கவும் கூடாது. இத்தனையும் ஒரே வீட்டில் சேர்ந்தால்தான் முதல் இழுப்பை இரண்டாவது வெல்லும். அதனால்தான் இது அபூர்வம்.

இதற்கு மேல்எல்லை ஒன்றும் உண்டு, பலர் கவனிக்காதது. அதே குடும்பத்துக்கு அரிசி விலை இன்னும் ஏறிக்கொண்டே போனால், சுமார் 64 ரூபாயில் கடைசி முட்டையும் போய்விடும். 140 ரூபாயும் அரிசிக்கே, 2.2 கிலோவுக்கே சரி. அதற்குப் பிறகு விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. 70 ரூபாய் ஆனால் 2 கிலோதான் வாங்க முடியும், கலோரி 7,000க்கு இறங்கும், யாரோ ஒருவர் அரைவயிறோடு படுப்பார். ஆக, ஓரளவு வசதி உள்ளவர் வீட்டில் இந்தத் தலைகீழ் நடத்தை தெரியாது. அடிமட்ட வறுமையிலும் தெரியாது. சோறு போதுமான அளவு கிடைத்து, கூடவே கொஞ்சம் முட்டையோ மீனோ வாங்க முடிகிற நடுவில் உள்ள ஏழைகளிடம்தான் தெரியும்.

பாடநூல்கள் பல பத்தாண்டுகளாக இதற்கு உதாரணமாகக் காட்டியது அயர்லாந்தின் 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தை. அது சரியான உதாரணம் அல்ல. நோய் தாக்கி விளைச்சலே அழிந்தபோது கிழங்கு விலை ஏறியது. இல்லாத கிழங்கை மக்கள் முன்பைவிட அதிகமாக எப்படித் தின்றிருக்க முடியும்?

சந்தைப் புள்ளிவிவரத்தை வைத்து மட்டும் இதைப் பிடிப்பதும் கடினம். விலையும் விற்பனையும் சேர்ந்து ஏறினால் அதற்கு வேறு காரணங்கள் எத்தனையோ இருக்கும். பண்டிகை நெருங்கினால் தேவை முதலில் கூடி, விலை அதன் பின்னால் ஏறும். 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தபோது அமெரிக்காவில் இந்திய மளிகைக் கடைகளில் வரிசை கட்டி மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். அது நாளைக்குக் கிடைக்காதோ என்ற பயம். அந்த வரிசையில் நின்றவர் யாரும் அரிசிக்காக முட்டையைக் குறைக்கவில்லை. விலை அதிகம் என்பதாலேயே பட்டுப்புடவை வாங்குவதும் இந்தக் கணக்கில் சேராது. அங்கே பெருமை வாங்கப்படுகிறது.

இந்தச் சிக்கலை ராபர்ட் ஜென்சன், நோலன் மில்லர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் சோதனையால் அவிழ்த்தார்கள். 2006இல் சீனாவின் ஹூனான், கான்சு மாகாணங்களில் நகர்ப்புற ஏழைக் குடும்பங்கள் சுமார் 1,300ஐ எடுத்துக்கொண்டார்கள். ஹூனானில் முக்கிய உணவு அரிசி, கான்சுவில் கோதுமை. குலுக்கல் முறையில் சில குடும்பங்களுக்கு 5 மாதம் தள்ளுபடிக் கூப்பன் கொடுத்தார்கள்: அரைக்கிலோவுக்கு 0.10, 0.20 அல்லது 0.30 யுவான் குறைவு. மீதிக் குடும்பங்களுக்குக் கூப்பன் இல்லை. யாருக்கு மலிவு என்பதைக் குலுக்கல் முடிவு செய்வதால், தேவை கூடியதால் விலை ஏறியதா என்ற குழப்பத்துக்கு இடமில்லை. கூப்பனுக்கு முன்பும், நடுவிலும், நிறுத்திய பிறகும் வீட்டில் ஒவ்வொருவரும் முந்தைய நாள் என்னென்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுக் குறித்தார்கள்.

ஹூனானில் அரிசி மலிந்ததும் மக்கள் அரிசியைக் குறைத்தார்கள். கூப்பன் நின்றதும் மறுபடி கூட்டினார்கள். சராசரியாக விலை 1 சதவீதம் ஏறினால் அரிசி சுமார் 0.2 சதவீதம் கூடியது. கலோரியில் 80 சதவீதத்துக்கு மேல் தானியத்திலிருந்தே எடுத்த பரம ஏழைகளிடம் மட்டும் இது நடக்கவில்லை. அவர்கள் வழக்கமான விதிப்படியே நடந்தார்கள். நம் வியாசர்பாடிக் கணக்கில் 64 ரூபாய்க்கு மேலே போனவர்களின் நிலைதான் அவர்களுடையது. கான்சுவின் கோதுமையில் சான்று இவ்வளவு தெளிவாக இல்லை.

சரி, இன்றைய சென்னையில் இப்படி ஒரு வீட்டைக் காண முடியுமா? எனக்குத் தெரிந்தவரை கடினம். காரணம் ரேஷன். 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். நாலு பேர் குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ, அதாவது நாளுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் தேவைப்படுவதைக் கடையில் வாங்கும் வீட்டுக்கு இந்த 20 கிலோ கிட்டத்தட்ட ரொக்கப் பணம் மாதிரி. கடையில் அரிசி 40 ரூபாய் என்றால் அது 800 ரூபாய்க்குச் சமம். கடை விலை 50 ஆனால் தானாகவே 1,000 ரூபாய்க்குச் சமமாகிவிடும். செங்குன்றம் மண்டியில் விலை ஏறும்போது ரேஷன் பையும் கூடவே மதிப்பேறுவதால், விலையேற்றம் விழுங்கும் பணம் குறைகிறது. மேலே போட்ட கணக்கில் ரேஷன் அரிசியையும் சேர்த்தால் 40 ரூபாயில் 15 முட்டை வாங்க முடியும். 50 ஆனால் 12 அல்லது 13. அரிசி கூடுவது 80 கிராமுக்குப் பதில் 50 கிராம். அதுவும் கலோரியை எள்ளளவும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று கண்டிப்பாக வைத்த கணக்கில்தான். இவ்வளவு தாராளம் வந்த வீடு அத்தனை கண்டிப்பாக நடந்துகொள்ளாது. 2013 முதல் அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய்க்குக் கிடைப்பது இன்னொரு தடுப்பு: வயிறு நிரப்ப மலிவான வேறு வழி ஒன்று நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல வீடுகளில் ரேஷன் அரிசி இட்லி மாவுக்குப் போகிறது, சோற்றுக்குக் கடையில் பொன்னி வாங்குகிறார்கள். பொன்னி விலை ஏறினால் அவர்கள் பொன்னியைக் கூட்ட மாட்டார்கள். ரேஷன் அரிசியையே சோறாக வடிப்பார்கள். ஆகவே பொன்னி கிஃபன் பண்டம் ஆகாது. அந்த இடம் கடையில் உள்ளதிலேயே மலிவான அரிசிக்குத்தான், அதுவும் அட்டை இல்லாத வீட்டில்தான்: அட்டை சொந்த ஊரிலோ வெளிமாநிலத்திலோ கிடக்க, இங்கே கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் சமைத்துச் சாப்பிடுபவர்கள். எல்லா ரகத்தையும் ‘அரிசி’ என்று ஒரே கட்டத்தில் கூட்டிப்போடும் நுகர்வுக் கணக்கெடுப்பில் இது தெரியாது. தெரிய வேண்டுமானால் ரகம்வாரியாக, வீடுவாரியாக, அரிசியோடு சேர்த்து முட்டை, மீன், பருப்பையும் கேட்டு எழுத வேண்டும்.

ஹூனான் சோதனையில் இன்னொரு முடிவும் வந்தது. தானியத்தை மலிவாக்கியதால் அந்தக் குடும்பங்களின் ஊட்டச்சத்து மேம்பட்டதற்குச் சான்று இல்லை என்று அதே இருவரும் 2011இல் எழுதினார்கள். மிச்சமான காசு ருசிக்குப் போயிருந்தது. இலவச அரிசியால் மக்கள் முன்பைவிட எவ்வளவு சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்கள் என்று அளந்து, கூடவில்லையே, திட்டம் வீண் என்று சொல்பவர்கள் இந்த வகை வீட்டில் தவறான தட்டை அளக்கிறார்கள். குழம்பில் மத்தி மீன் எத்தனை நாள் இருந்தது என்று கேட்டால் பதில் வேறாக இருக்கலாம்.