மூணு பன்னிரண்டு முப்பத்தாறு: டெண்டரில் செல்லாத கணக்கு

மறுபடியும் ஒரு டெக்னிக்கல் கவர், அதாவது தகுதி ஆவணங்கள் உள்ள கவர், தள்ளுபடி. ரேட் நல்ல ரேட், வேலை தெரிந்த ஆள். விலைக் கவர் திறக்கப்படவே இல்லை. காரணம் ஒரே வரி: "ஒத்த பணி அனுபவம் போதவில்லை." அந்த ஒப்பந்ததாரர் கேட்கும் கேள்வியும் மாறுவதில்லை: "சார், 12 லட்சத்துல மூணு காம்பவுண்டு சுவர் கட்டிருக்கேன். மூணு பன்னிரண்டு முப்பத்தாறு. அவங்க கேட்டது 32 லட்சம்தானே?"

இல்லை. இந்த ஒரு கணக்கைப் புரிய வைப்பதற்காகவே இந்தக் கட்டுரை.

மத்தியப் பொதுப்பணித் துறை பாணியில் வரும் கட்டட டெண்டர்களில் தகுதி இப்படி இருக்கும்: கடந்த 7 ஆண்டுகளில், மதிப்பீட்டுத் தொகையில் 40 சதவீதத்துக்குக் குறையாத 3 ஒத்த பணிகள், அல்லது 60 சதவீதத்துக்குக் குறையாத 2, அல்லது 80 சதவீதத்துக்குக் குறையாத 1. (மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் 2002 வழிகாட்டுதலைப் பின்பற்றும் நிறுவனங்களில் நடுவில் உள்ளது 60 அல்ல, 50. போன டெண்டரில் பார்த்த எண்ணை இந்த டெண்டருக்கு எடுத்து வராதீர்கள்.) இந்தச் சதவீதம் டெண்டரில் அச்சிட்டிருக்கும் மதிப்பீட்டுத் தொகையின் மேல் போடப்படுவது. நீங்கள் எவ்வளவு குறைத்துப் போட நினைக்கிறீர்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மதிப்பீடு 80 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீதம் 32 லட்சம். அதாவது ஒவ்வொரு பணியும் தனித்தனியாக 32 லட்சத்தைத் தொட வேண்டும். அப்படித் தொட்ட பணிகள் மூன்று வேண்டும். சிறு வேலைகளைக் கூட்டி ஒரு பெரிய வேலையாகக் காட்ட முடியாது. ஒரே அலுவலகம், ஒரே பொறியாளர், பக்கத்துப் பக்கத்துத் தெரு என்றாலும், மூன்று ஒப்பந்த எண் இருந்தால் மூன்று பணிதான். கேட்பவர் தெரிந்துகொள்ள விரும்புவது உங்கள் வாழ்நாள் மொத்த வியாபாரத்தை அல்ல. இந்த அளவுள்ள ஒரு வேலையை ஆள், பொருள், பணம் எல்லாம் சமாளித்து முடித்திருக்கிறீர்களா என்பதை. 12 லட்ச வேலை மூன்று செய்தவர் 12 லட்ச வேலை தெரிந்தவர். அவ்வளவுதான். வேலையாட்களைக் கேட்டால்கூட இதைச் சொல்வார்கள். ஒப்பந்ததாரர்தான் ஏற்க மாட்டேன் என்கிறார்.

இதற்கும் முன்னால் படிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு: "ஒத்த பணி" என்றால் என்ன என்று அந்த டெண்டரே கொடுக்கும் விளக்கம். சதவீதத்தைப் பார்த்துவிட்டு ஓடுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகிறார்கள். நம் எடுத்துக்காட்டில் அது "குடிநீர், கழிவுநீர் இணைப்புகளுடன் கூடிய ஆர்.சி.சி. கட்டட வேலை" என்று இருக்கட்டும். காம்பவுண்டு சுவர் அங்கேயே அடிபட்டுவிடுகிறது, தொகை என்னவாக இருந்தாலும் சரி.

இப்போது முதல் முறை டெண்டர் போடும் ஒருவரின் கோப்பை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அறிவிப்பு 2025 மே மாதம். கடைசி நாள் ஜூன் 15. வேலை முடிக்க 12 மாதம். இந்த டெண்டரில் ஏழு ஆண்டு என்பது அறிவிப்பு வந்த மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆக 2018 மே 1 முதல் 2025 ஏப்ரல் 30 வரை முடிந்த வேலைகள் மட்டும். தொடங்கிய தேதி கணக்கில்லை, முடிந்த தேதிதான்.

அவரிடம் இருப்பவை: 2021 ஜூன் 15-இல் முடித்த பள்ளி வகுப்பறைகள், 29.5 லட்சம். 2022 செப்டம்பரில் முடித்த துணை சுகாதார நிலையம், 34 லட்சம். 2023 மார்ச்சில் முடித்த சாலை, 55 லட்சம். 2023 டிசம்பரில் முடித்த சமுதாயக் கூடம், 38 லட்சம். தெரிந்தவருக்குக் கட்டிக் கொடுத்த வீடு, 40 லட்சம். அப்புறம் அந்த மூன்று சுவர்கள்.

முதல் பார்வையில் 34, 38, 40 என்று மூன்று தேறிவிட்டதாக அவர் நினைக்கிறார். வீடு தேறாது. தனியார் வேலை என்றால் பெரும்பாலான டெண்டர்கள் டி.டி.எஸ். சான்று கேட்கும். தன் வீட்டைக் கட்டிக்கொள்ளும் தனிநபர் ஒரே ஆண்டில் ஒருவருக்கு 50 லட்சத்துக்கு மேல் கொடுத்தால்தான் வரி பிடிக்கும் கடமை வரும். 40 லட்ச வீட்டுக்கு யாரும் பிடித்திருக்க மாட்டார்கள். வெள்ளைத்தாளில் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த கடிதத்தை வைத்து மல்லுக்கட்டுவது வீண்.

சாலை பெரிய தொகை, ஆனால் ஒத்த பணி இல்லை. அதைத் தூக்கி எறிய வேண்டாம். பின்னால் வேலைக்கு ஆகும்.

மாறாக, அவர் கழித்துக் கட்டிய வகுப்பறை வேலை தேறுகிறது. பழைய வேலையின் மதிப்பை இன்றைய நிலைக்குக் கொண்டுவர ஆண்டுக்கு 7 சதவீதம் தனிவட்டி போல ஏற்றிக்கொள்ள இந்தப் பாணி டெண்டர்கள் அனுமதிக்கின்றன. முடிந்த தேதியிலிருந்து டெண்டரின் கடைசி நாள் வரை. சரியாக 4 ஆண்டு, 28 சதவீதம். 29.5 லட்சம் 37.76 லட்சமாகிறது. இந்த வரியைப் படிக்காமலேயே "எனக்குத் தகுதி இல்லை" என்று ஒதுங்கிப்போனவர்கள் நிறைய.

சமுதாயக் கூடத்தில்தான் சிக்கல். அந்த 38 லட்சத்தில் அணுகுசாலையும் சுற்றுச்சுவரும் சேர்ந்து 9 லட்சம். ஒத்த பணி விளக்கத்தில் வராத பகுதியைக் கழித்துவிட்டுத்தான் மதிப்பைக் காட்ட வேண்டும்; அதற்கு எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்று காட்டும் செலவுச் சுருக்கமும் இணைக்க வேண்டும். மிச்சம் 29 லட்சம். வேலை டிசம்பர் 15-இல் முடிந்தது என்று சான்றிதழில் இருந்தால் ஒன்றரை ஆண்டு, 10.5 சதவீதம், 32,04,500 ரூபாய். 4,500 ரூபாயில் தப்பிக்கிறார். சான்றிதழில் தேதி இல்லாமல் "டிசம்பர் 2023" என்று மட்டும் இருந்து, பரிசீலிப்பவர் 31-ஆம் தேதியை எடுத்துக்கொண்டால்? பதினேழரை மாதம்தான். சுமார் 31.96 லட்சம். அவுட். பதினாறு நாளில் ஒரு டெண்டர் போகிறது.

அதனால் கம்ப்ளீஷன் சர்ட்டிபிகேட்டைக் கையில் வாங்கும்போதே, மேஜையை விட்டு நகராமல் படியுங்கள். வேலையின் பெயர், ஒப்பந்த எண், தொடங்கிய தேதி, முடிந்திருக்க வேண்டிய தேதி, உண்மையில் முடிந்த தேதி, முடித்த வேலையின் மொத்த மதிப்பு, இவை எல்லாம் வேண்டும். கையெழுத்து செயற்பொறியாளர் நிலைக்குக் குறையாதவருடையதாக இருக்க வேண்டும். உதவிப் பொறியாளர் நல்லவர்தான், உடனே போட்டுக் கொடுப்பார், செல்லாது. ஒர்க் ஆர்டரை இணைத்துவிட்டு "வேலை செய்தேனே" என்பதும் செல்லாது. வேலை உங்களுக்கு வந்ததற்குத்தான் அது சாட்சி, முடித்ததற்கு அல்ல.

டர்ன்ஓவர் சுலபம். இந்த டெண்டர் கேட்பது மூன்று ஆண்டுச் சராசரி மதிப்பீட்டில் 30 சதவீதம் என்று இருக்கட்டும், அதாவது 24 லட்சம். எந்த மூன்று ஆண்டு என்று டெண்டரில் எழுதியிருக்கும், அதையே எடுங்கள். ஓர் ஆண்டு வேலையே இல்லை என்றாலும் வகுப்பது மூன்றால்தான். கட்டுமான வருமானம் மட்டும். ஹார்டுவேர் கடை விற்பனையைச் சேர்த்து ஆடிட்டரைச் சங்கடப்படுத்த வேண்டாம். இவருக்கு 26, 72, 34, சராசரி 44. தாராளம். ஆடிட்டர் சான்றில், அது உண்மையானதா என்று சரிபார்க்க உதவும் யு.டி.ஐ.என். எண் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அந்த 72 லட்சத்தில்தான் சாலை உட்கார்ந்திருக்கிறது. கையில் உள்ள வேலைகளோடு இதையும் சமாளிக்க முடியுமா என்று பார்க்கும், அடுத்து வரும் ஏலத் திறன் கணக்கில் அதுதான் காப்பாற்றுகிறது. எல்லா டெண்டரிலும் இது இருக்காது. இருந்தால் சூத்திரம் இது:

```
A × N × 1.5 − B
```

A என்பது கடந்த 5 ஆண்டில் ஏதாவது ஓர் ஆண்டின் அதிகபட்சக் கட்டுமான வருமானம். N என்பது இந்த வேலையை முடிக்கக் கொடுத்த காலம், ஆண்டில். B என்பது அந்தக் காலத்துக்குள் நீங்கள் முடித்தாக வேண்டிய மற்ற வேலைகளின் மிச்ச மதிப்பு. 72 × 1 × 1.5 என்றால் 108. கையில் 22 லட்சம் மிச்சமுள்ள வேலை ஒன்று ஓடுகிறது, 86. 80-க்கு மேல், தேறுகிறார். கடைசி நாளுக்கு முன் 10 லட்சத்தில் இன்னொரு வேலைக்குக் கையெழுத்துப் போட்டால் 76. தேற மாட்டார். அந்த 10 லட்சத்தை எழுதாமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்று கேட்பீர்கள். நீங்கள் கொடுப்பது உறுதிமொழி. பொய் என்று தெரிந்தால் டெண்டரோடு கட்டும் பிணைத்தொகையான இ.எம்.டி. போவதோடு தடைப்பட்டியலிலும் பெயர் ஏறும்.

இ.எம்.டி. என்றதும் அடுத்த தலைவலி: "உத்யம் சான்றிதழ் இருக்கு சார், கட்ட வேண்டாமாமே." குறு, சிறு தொழில்களுக்கான 2012 பொதுக் கொள்முதல் கொள்கையின் சலுகை பொருள்களுக்கும் சேவைகளுக்கும். கட்டுமான ஒப்பந்தம் அதற்குள் வராது. இந்த டெண்டரில் விலக்கு உண்டு என்று எழுத்தில் இருந்தால் ஒழிய, பணத்தைக் கட்டிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ டெண்டர் ஆவணம் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒத்த பணி விளக்கத்தில் சந்தேகம் இருந்தால், உதாரணமாக உங்கள் சமுதாயக் கூடத்தைக் கட்டட வேலையாக ஏற்பார்களா என்று, விளக்கம் கேட்பதற்கான கடைசித் தேதிக்குள் எழுத்தில் கேளுங்கள். போனில் யாரோ "ஏத்துப்பாங்க" என்று சொன்னது பரிசீலனைக் குழு முன் நிற்காது. பதில் பெரும்பாலும் திருத்த அறிவிப்பாக அதே இணையப் பக்கத்தில் வரும். மதிப்பீட்டுத் தொகை, கடைசி நாள் இரண்டுமே அதில் மாறக்கூடும். மாறினால் 32 லட்சமும் மாறும், 7 சதவீதம் ஏற்றும் நாள் கணக்கும் மாறும். கவரைப் பதிவேற்றும் அன்று காலையில் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை திறந்து பார்த்துவிட்டு, கணக்கை மறுபடி போட்ட பிறகு டிஜிட்டல் கையெழுத்துக்கான டி.எஸ்.சி.யைச் செருகுங்கள்.