நடுத் தொட்டி எதற்கு? உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேதியியல்

ஓட்டல் சமையலறையின் பின்கட்டில் எஃகாலான மூன்று தொட்டிகள் வரிசையாக இருக்கும். முதலாவதில் சோப்புக் கரைசலில் தேய்ப்பார்கள். இரண்டாவதில் நல்ல தண்ணீரில் அலசுவார்கள். மூன்றாவதில் கிருமிநாசினிக் கரைசலில் முக்கி எடுப்பார்கள். வேலை நெருக்கும் மதிய நேரத்தில் நடுத் தொட்டியைத்தான் முதலில் கைவிடுகிறார்கள். அங்கே அழுக்கும் போவதில்லை, கிருமியும் சாவதில்லை என்ற எண்ணமே அதற்குக் காரணம். ஆனால் மூன்றாவது தொட்டி வேலை செய்யுமா செய்யாதா என்பதைத் தீர்மானிப்பது நடுத் தொட்டிதான்.

முதல் தொட்டியிலிருந்தே தொடங்கலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் உணவு விதித்தொகுப்பு, தேய்க்கும் கரைசல் குறைந்தது 43 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும் என்கிறது. அந்தச் சூட்டில் கொழுப்பு இளகுகிறது, கையும் தாங்குகிறது. கொதிக்கும் நீரை ஊற்றினால் இன்னும் நன்றாகப் போகும் என்று நினைப்பது முட்டை ஒட்டிய தட்டைப் பொறுத்தவரை தவறு. ஏறத்தாழ 60 டிகிரியைத் தாண்டினால் முட்டையின் புரதம் உறைந்து தட்டோடு இறுகிவிடும். பால் காய்ச்சிய பாத்திரத்தின் கதையும் அதுவே. எனவே எச்சிலை வழித்துத் தள்ளியபின் முதலில் வெதுவெதுப்பான நீரைப் பீய்ச்சி, அதன் பிறகே சூட்டைக் கூட்ட வேண்டும்.

தேய்த்த தட்டைத் தூக்கும்போது அதன் மேல் ஒரு மெல்லிய படலமாகச் சோப்புக் கரைசலும் கூடவே வரும். மூன்றாவது தொட்டியில் குளோரின் கரைசல் இருந்தால், இந்தப் படலம் அதைக் கெடுக்கிறது. குளோரின் நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது: கிருமியை விரைவாகக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலம் ஒன்று, அதைவிடப் பன்மடங்கு மந்தமான ஹைப்போகுளோரைட் அயனி மற்றொன்று. கரைசலின் pH அளவு ஏறத்தாழ 7.5 ஆக இருக்கும்போது இரண்டும் பாதிக்குப் பாதி. காரத்தன்மையுள்ள சோப்பு சேரச் சேர pH ஏறும். அது 9 ஆகும்போது 100 பங்கில் சுமார் 3 பங்குதான் வீரியமுள்ள அமிலமாக மிஞ்சும். கூடவே வரும் உணவுத் துணுக்குகளோ குளோரினையே தின்றுவிடுகின்றன. குளோரினுக்குப் பதில் குவாட் எனப்படும் அம்மோனியம் சேர்மத்தைப் பயன்படுத்தினாலும் தப்ப முடியாது. குவாட்டின் மூலக்கூறு நேர்மின்னேற்றம் உடையது; கையால் தேய்க்கும் சோப்பு பெரும்பாலும் எதிர்மின்னேற்றம் உடையது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு செயலிழக்கும். நடுத் தொட்டியின் வேலை இந்தச் சோப்புப் படலத்தை நீக்குவதுதான். அதன் நீர் நுரைத்துக் கலங்கிவிட்டால் உடனே மாற்ற வேண்டும்.

இனி அளவைப் பார்ப்போம். 60 லிட்டர் நீர் நிரப்பிய மூன்றாவது தொட்டியில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரின் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6,000 மில்லிகிராம், அதாவது 6 கிராம். கையிலிருக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் 5 சதவீதம் என்றால், ஒரு லிட்டரில் 50 கிராம் குளோரின் இருக்கும். ஆகவே 120 மில்லிலிட்டர் ஊற்ற வேண்டும். ஆனால் அந்தத் திரவம் வெயில் படும் இடத்தில் கேனிலேயே கிடந்து 3 சதவீதமாக வலுவிழந்திருந்தால், அதே 120 மில்லிலிட்டர் லிட்டருக்கு 60 மில்லிகிராமைத்தான் தரும். கண்ணுக்கோ மூக்குக்கோ இந்த வேறுபாடு தெரியாது. குளோரின் சோதனைத் தாளை நனைத்து, அதில் ஏறும் நிறத்தை வண்ண அட்டையோடு ஒப்பிட்டுத்தான் அறிய முடியும். லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். 200-ஐத் தாண்டவும் கூடாது. கூடுதல் வீரியத்துக்காகக் கொதிநீரில் கலப்பவர்களும் உண்டு; அந்தச் சூட்டில் குளோரின் சிதைந்தும் ஆவியாகியும் வீணாகிவிடும். நம் ஊர்க் குழாய் நீரின் சூடே போதுமானது.

இயந்திரத்திலும் இதே வேலைகள்தான் நடக்கின்றன. ஆனால் கிருமியைக் கொல்வது பெரும்பாலும் வெப்பம். மேல்மூடியைத் தூக்கி ரேக்கை உள்ளே தள்ளும் வகை இயந்திரத்தில், கீழ்த் தொட்டியின் சோப்பு நீரை சுமார் 66 டிகிரியில் பம்பு பீய்ச்சி அடிக்கும். பிறகு பாய்லரிலிருந்து 82 டிகிரிக்குக் குறையாத புதுநீர் வந்து அலசும். நீர் தட்டை எட்டுவதற்குள் ஆறிவிடும் என்பதால்தான் இவ்வளவு சூடு. நமக்கு வேண்டியது தட்டின் பரப்பு 71 டிகிரியைத் தொடுவது. அதற்காக அலசும் நீரை 90 டிகிரிக்கு மேல் ஏற்றவும் கூடாது. ஏற்றினால் நீர் பொடித்துளிகளாகி ஆவியாகப் பறக்கும், தட்டுக்கு வெப்பம் சேராது. முகப்பில் உள்ள வெப்பமானி காட்டுவது குழாயில் வரும் நீரின் சூட்டை. தட்டின் சூட்டை அல்ல. 71 டிகிரியில் கறுக்கும் ஒட்டுத்தாளைத் தட்டில் ஒட்டி அனுப்பிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. அலசும் முனைகள் சுண்ணாம்பால் அடைத்திருந்தாலோ, தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து அடுக்கியிருந்தாலோ, முகப்பில் 85 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே தாள் வெள்ளையாக வெளியே வரும்.

ஒவ்வொரு அலசலின் நீரும் கீழ்த் தொட்டியிலேயே விழுவதால் சோப்பு நீர் நீர்த்துக்கொண்டே போகும். 30 லிட்டர் தொட்டியில் ரேக்குக்கு 3 லிட்டர் விழுகிறது என்றால், சோப்பு சேர்க்காவிட்டால் 7 ரேக்குக்குள் செறிவு பாதியாகிவிடும். லிட்டருக்கு 2 கிராம் என்ற அளவைக் காக்க ரேக்குக்கு 6 கிராம் சேர வேண்டும். இதற்காகத் தொட்டிக்குள் மின்கடத்துதிறனை அளக்கும் ஓர் உணரி இருக்கும். கடத்துதிறன் குறைந்தால் சின்ன பம்பு சோப்பை இழுத்து விடும். இந்த உணரியின் மேல் சுண்ணாம்பு படிந்துவிட்டால் அது உண்மையைவிடக் குறைவாகவே அளக்கும். பம்பும் நிற்காமல் சோப்பை ஊற்றும். கேன் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியாவதும், கண்ணாடிக் குவளையில் வெண்படலம் மிஞ்சுவதும் இதன் அடையாளங்கள்.

நுரை வேறு கதை. இயந்திரச் சோப்பு நுரைக்காத வகை. ஆகவே மூடியிடுக்கில் நுரை வழிந்தால், யாரோ கையால் தேய்க்கும் சோப்போடு பாத்திரத்தை உள்ளே தள்ளியிருக்கிறார்கள் அல்லது எச்சில் சரியாக வழிக்கப்படவில்லை என்று பொருள். நுரை ஏறினால் பம்பு நீரோடு காற்றையும் உறிஞ்சும். பீய்ச்சும் விசை தளரும். அப்போது சோப்பைக் கூட்டுவதால் பயனில்லை. தொட்டியை வடித்துவிட்டுப் புதுநீர் நிரப்ப வேண்டும்.

சரியாக வெப்பமேறிய தட்டு வெளியே வந்ததும் தன் சூட்டிலேயே சிறிது நேரத்தில் உலர்ந்துவிடும். கடைசி அலசலில் கலக்கும் உலர்த்துதிரவம், நீர் துளித்துளியாக நிற்காமல் வழிந்தோட உதவுகிறது. பிளாஸ்டிக் தட்டு வெப்பத்தைப் பிடித்து வைக்காததால் ஈரமாகவே வரும், அது குறையன்று. பீங்கான் தட்டும் ஈரமாக வந்தால் முதலில் சூட்டையும் பிறகு உலர்த்துதிரவத்தையும் பார்க்க வேண்டும். துணியால் துடைத்து மறைக்கக் கூடாது. அந்தத் துணியே கிருமியைத் திரும்ப ஏற்றும். சுண்ணாம்பைக் கரைக்க அமிலம் ஊற்றும் நாளில், குளோரின் கலந்த கரைசல் எதுவும் தொட்டியிலோ குழாயிலோ மிஞ்சியிருக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிப்பட்டு மூச்சை அடைக்கும்; ஆகவே முதலில் தொட்டியை வடித்து, வெறும் நீரில் அலசி, அதன் பிறகே அமிலக் கேனைத் திறக்க வேண்டும்.