உடைந்த க்ளிப்பின் முறிவு சொல்வது

போன மாதம் ஒருவர் பட்டறைக்கு ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அவரே 3டி பிரிண்டரில் பெட்டி போட்டுச் செய்த லெவல் கன்ட்ரோலர். மூடியில் நான்கு க்ளிப்புகள் இருந்தன. இரண்டு ஏற்கெனவே போயிருந்தன. "மூணு தடவைதான் சார் திறந்தேன். அடுத்த தடவை க்ளிப்பை 3 மில்லிமீட்டர் தடிமனாப் போட்டுடட்டுமா?" என்று கேட்டார். உள்ளே மோட்டாரை இயக்கும் ரிலே இருக்கிறது, 230 வோல்ட் வருகிறது. மூடி கழன்று விழுந்தால் கை படுவது நேராக மின்சாரத்தில்தான். அதனால் அவசரப்படாமல் உட்கார்ந்து பார்த்தோம்.

முதலில் உடைந்த இடத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு க்ளிப் அடியில் கத்தியால் வெட்டியதுபோல மட்டமாகப் பிரிந்திருந்தது. முறிவின் மேல், உருகிய பிளாஸ்டிக்கை லேயர் லேயராகப் போடும் நாசில் போன கோடுகள் அப்படியே தெரிந்தன. பிளாஸ்டிக் கிழியவில்லை, ஒரு லேயர் இன்னொரு லேயரை விட்டுப் பிரிந்திருக்கிறது என்பதற்கு இதுதான் அடையாளம். உடையாமல் மிச்சமிருந்த க்ளிப் ஒன்றின் அடி மூலையில் மெல்லிய வெள்ளைக் கீற்று ஓடியிருந்தது. அது பிளாஸ்டிக் தாங்கும் அளவை மீறி இழுபட்டிருப்பதைக் காட்டுகிறது. ஆக, தவறு இரண்டு: பிரிண்ட் செய்த திசை ஒன்று, க்ளிப்பின் அளவு இன்னொன்று.

அளவை எடுத்துக்கொள்வோம். க்ளிப் வளையும்போது அதன் அடிப்பகுதியின் வெளித்தோல்தான் அதிகம் நீள்கிறது. எவ்வளவு நீள்கிறது என்று கணக்குப் போட ஒரே வரி போதும்:

```
e = 3 * t * y / (2 * L * L)
```

இதில் e அந்த நீட்சி, t க்ளிப்பின் தடிமன், L அதன் நீளம், y கொக்கி கடந்து போக க்ளிப் எவ்வளவு விலக வேண்டும் என்பது. அவர் போட்டிருந்தது 2 மி.மீ. தடிமன், 8 மி.மீ. நீளம், 1.2 மி.மீ. கொக்கி. கணக்கு 0.056, அதாவது 5.6 சதவீதம் என்று வந்தது. பிரிண்டருக்குப் போடும் பிளாஸ்டிக் கம்பி, அதாவது ஃபிலமென்ட், பிஎல்ஏ என்றால் அடிக்கடி திறந்து மூடும் க்ளிப்பை நான் 1 சதவீதத்தைத் தாண்ட விடுவதில்லை. பிஇடிஜி என்றால் 2 வரை போகலாம். மூன்று தடவை தாங்கியதே பெரிய விஷயம்.

அவர் கேட்டபடி தடிமனை 3 மி.மீ. ஆக்கினால் நீட்சி 8.4 சதவீதத்துக்கு ஏறிவிடும். முதல் தடவையிலேயே உடையும். க்ளிப் உடைந்தால் தடிமனைக் கூட்டத்தான் எல்லோருக்கும் தோன்றும், ஆனால் வளைய வேண்டிய பொருளுக்கு அது எதிரான வைத்தியம். பிடிமானம் போதவில்லை என்றால் அகலத்தைக் கூட்டுங்கள். அகலம் கூடினால் பிடிக்கும் விசை கூடும், நீட்சி கூடாது. நீட்சியைக் குறைக்க நீளத்தைத்தான் தொட வேண்டும், ஏனென்றால் சூத்திரத்தில் அது இருமடியாக இருக்கிறது. பெட்டி 30 மி.மீ. ஆழம் என்பதால் இடத்துக்குக் குறைவில்லை. க்ளிப்பை 16 மி.மீ. நீளமாக்கி, தடிமனை 1.6, கொக்கியை 0.8 என்று குறைத்தோம். நீட்சி 0.75 சதவீதத்துக்கு இறங்கியது. அடி மூலை கூராக இருந்தால் அழுத்தமெல்லாம் அந்த ஒரு கோட்டில் சேரும், அதனால் அங்கே 0.8 மி.மீ. ஆரத்தில் வளைவு கொடுத்தோம். தடிமனில் பாதி என்பது என் வழக்கம்.

அடுத்தது திசை. மூடியை பிரிண்டரின் அடித்தட்டான பெட்டில் மல்லாக்கப் போட்டு பிரிண்ட் செய்திருந்தார். க்ளிப்புகள் அதன்மேல் செங்குத்தாக வளர்ந்திருக்கின்றன. அப்படி வளரும்போது லேயர்கள் க்ளிப்பைக் குறுக்கே வெட்டுகின்றன, வளைக்கும் ஒவ்வொரு தடவையும் லேயருக்கு நடுவே இருக்கும் ஒட்டைப் பிய்க்கிறோம். எவ்வளவு நல்ல ஃபிலமென்ட் போட்டாலும் இந்த ஒட்டுதான் அதில் பலவீனமான இடம். க்ளிப் பக்கவாட்டில் படுத்திருக்க வேண்டும். அப்போதுதான் நாசில் அடியிலிருந்து கொக்கி வரை ஒரே இழையாக ஓடும். மூடி படுத்தும் க்ளிப் நின்றும் இருக்கிற இந்த மாதிரி வடிவத்தில் இரண்டையும் ஒன்றாகச் சரிசெய்ய முடியாது. க்ளிப்புகளைத் தனியாகப் படுக்கவைத்து பிரிண்ட் செய்து, மூடியில் விட்ட பள்ளத்தில் செருகி ஒட்டினோம். வேலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் உடைந்தால் க்ளிப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இடைவெளிக்கு வருவோம். 0.4 நாசிலில், செருகி நிற்கும் பள்ளத்துக்குப் பக்கத்துக்கு 0.15 மி.மீ., மூடியின் விளிம்பு பெட்டிக்குள் இறங்கும் இடத்தில் 0.25, கொக்கி உட்காரும் துளையில் 0.3 என்று விட்டோம். இந்தக் கடைசி இடைவெளியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கொக்கி உட்கார்ந்ததும் க்ளிப் நேராகிவிட வேண்டும். வளைந்தபடியே மாட்டி நின்றால் பிளாஸ்டிக் மெல்ல அந்த வளைவுக்கே பழகி, சில வாரங்களில் பிடி தளர்ந்துவிடும். பிஎல்ஏ 60 டிகிரிக்கே இளகும் என்பதால் சித்திரை வெயிலில் மொட்டைமாடிக்கு அது ஆகாது. பிஇடிஜிக்கு மாற்றினோம்.

படுக்கவைத்து பிரிண்ட் செய்யும்போது முதல் லேயர் நசுங்கி வெளியே பிதுங்கும். பள்ளத்துக்குள் க்ளிப் போக மறுத்தால் முதலில் அந்த விளிம்பைத் தடவிப் பாருங்கள். மாடலை லேயர்களாகப் பிரித்துத் தரும் ஸ்லைசர் மென்பொருளில் `Elephant foot compensation` என்ற இடத்தில் 0.2 கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறம், முழுப் பெட்டியையும் பிரிண்ட் செய்வதற்கு முன்னால் ஒரு க்ளிப்பையும் அது மாட்டும் சுவர்த் துண்டையும் மட்டும் போட்டு ஐம்பது தடவை திறந்து மூடிப் பாருங்கள். வெள்ளைக் கீற்று வந்தால் இன்னும் நீளம் வேண்டும்.

மூடி கழன்று மாடியிலிருந்து விழாமலிருக்க ஒரு பக்கம் கீல் வேண்டும் என்றும் அவர் கேட்டார். ஷாம்பு பாட்டில் மூடியில் இருப்பதுபோல, ஆணி இல்லாமல் பிளாஸ்டிக்கே மெலிந்து மடிகிற லிவிங் ஹிஞ்ச். அந்த ஷாம்பு மூடி பாலிபுரொப்பிலீன். அச்சில் வார்க்கும்போது அதன் மூலக்கூறுகள் மெல்லிய கீலுக்குக் குறுக்காக நீண்டு படிகின்றன. ஆறுவதற்குள் ஒருமுறை மடித்தும் விடுகிறார்கள். லட்சக்கணக்கான தடவை மடிந்தாலும் அது தாங்குவது அதனால்தான். பிரிண்டில் 0.4 மி.மீ. தடிமன், 4 மி.மீ. அகலம் வைத்து முழுதாக மடித்தால்கூட வெளித்தோல் சுமார் 16 சதவீதம் நீள வேண்டும். பிஎல்ஏ முதல் மடிப்பிலேயே போய்விடும்.

பாலிபுரொப்பிலீன் ஃபிலமென்ட் கிடைக்கிறது. சாதாரண பெட்டில் அது ஒட்டாது, பார்சலுக்கு ஒட்டும் டேப்பைப் பெட்டில் விரித்தால் ஒட்டும். இங்கும் திசைதான் முக்கியம். இழைகள் பெட்டியிலிருந்து மூடிக்குக் கீலைக் கடந்து ஓட வேண்டும். கீலோடு சேர்ந்து ஓடினால் தபால்தலை போலக் கிழியும். ஸ்லைசர் தானாகப் போடுவது 45 டிகிரி குறுக்கும் நெடுக்கும். சிறிய பெட்டி என்றால் விரித்த நிலையில் பக்கவாட்டில் நிறுத்தி பிரிண்ட் செய்யுங்கள். அப்போது கீல் ஒரு மெல்லிய சுவராகி, நாசில் அதன் குறுக்கே நிற்காமல் ஓடும்.

இவருக்கு நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. வெயில் தடுப்பு சேர்க்காத பாலிபுரொப்பிலீன் வெயிலில் நொறுங்கிப் போகும். பெட்டியிலும் மூடியிலும் காதுகள் வைத்து, 2 மி.மீ. ட்ரில் பிட்டால் துளையைச் சுத்தம் செய்து, 1.75 ஃபிலமென்ட் துண்டையே ஆணியாகச் செருகி, இரு முனையையும் சால்டரிங் அயர்னால் தட்டையாக்கினோம். எதிர்ப்பக்கம் இரண்டு க்ளிப், நடுவில் ஒரு ஸ்க்ரூ. உள்ளே 230 வோல்ட் இருக்கும் பெட்டி கையாலேயே திறக்கும்படி இருக்கக்கூடாது என்பதால் அந்த ஸ்க்ரூவை நான் விட்டுக்கொடுக்கவில்லை.