மீட்டரில் 1300, பில்லில் 1500

போன மாதம் குன்னூரில் ஒரு பெட்ரோல் பங்கில் காருக்கு 1500 ரூபாய்க்குப் போடச் சொன்னேன். பையன் 200 ரூபாயில் நிறுத்திவிட்டு, "மீதி 1300 போடறேன் சார்" என்றான். கடைசியில் மீட்டரில் 1300.00, 12.70 லிட்டர், விலை 102.40 என்று இருந்தது. அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். கையால் எழுதித் தந்த பில்லில் 1500 ரூபாய், 14.65 லிட்டர். இடையில் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்ததா என்று நான் பார்க்கவில்லை.

வந்திருந்தால் 200-ம் 1300-ம் சேர்ந்து கணக்கு சரி. வராமல் 200-லிருந்தே ஓடியிருந்தால், எனக்குக் கிடைத்தது மொத்தமே 1300 ரூபாய் பெட்ரோல், 1.95 லிட்டர் குறைவு. என் படம் இரண்டு கதைக்கும் பொருந்தும், அதுதான் சிக்கல். காரின் முள்ளையும் நம்ப முடியாது. குன்னூர் சரிவில் வண்டி நின்றால் டாங்க்கில் மிதவை ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

பம்புக்குள் நடப்பது இது. பெட்ரோல் சிறு பிஸ்டன் அறைகளை நிரப்பிக் காலி செய்து போகும்போது ஒரு தண்டு சுழலும். அதன் முனையில் இருக்கும் பல்சர், ஒவ்வொரு சுற்றுக்கும் இத்தனை மின் துடிப்பு என்று அனுப்பும். போர்டு அவற்றை எண்ணி லிட்டராக்கி விலையால் பெருக்கும். நாசிலை மாட்டி மறுபடி எடுத்தால் முன்பக்கக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆனால் உள்ளே டோட்டலைசர் என்று இன்னொரு கணக்கு உண்டு. அது பூஜ்யமாகாது, கூடிக்கொண்டே போகும். ஆட்டோமேஷன் உள்ள பங்கில் ஒவ்வொரு விற்பனையும் நேரத்துடன் தனி வரியாகப் பதிவாகும்.

மீட்டர் பிழையாக இருக்குமோ? சட்டம் விடும் இடம் 5 லிட்டருக்கு 25 மில்லி. 14.65 லிட்டருக்கு அது 73 மில்லிதான். குளிரில் சுருங்கியது என்றாலும், பெட்ரோல் ஒரு டிகிரிக்கு லிட்டருக்கு ஒரு மில்லி அளவே சுருங்கும். பத்து டிகிரி குறைந்தால் 150 மில்லிக்குள். இரண்டு லிட்டருக்கு அருகே எதுவும் வராது. அதனால் ஐந்து லிட்டர் குடுவையில் பிடித்து மீட்டர் அளவைச் சரிபார்க்கும் சோதனையை நான் கேட்கவில்லை. மீட்டர் சரியாகவே ஓடியிருக்கும் இடத்தில் அது எதையும் காட்டாது.

மேனேஜருக்கு எழுதியது:

"ஐயா, 3-ஆம் நாசிலில் இன்று காலை 7.40-க்கும் 7.55-க்கும் இடையே பெட்ரோல் போட்டேன். மீட்டர் படமும் பில் நகலும் இணைத்துள்ளேன். மீட்டரில் 12.70 லிட்டர், பில்லில் 14.65. அந்த நேரத்தில் 200 ரூபாய்க்கும் 1300 ரூபாய்க்கும் இரண்டு விற்பனை பதிவாகியிருந்தால் என் புகாரை விட்டுவிடுகிறேன். 1300 மட்டும் இருந்தால் 200 ரூபாயைத் திருப்பித் தரவும்."

யாரையும் திருடன் என்று எழுதவில்லை. அப்படி எழுதியிருந்தால் பேச்சு அங்கேயே சண்டையாகத் திரும்பியிருக்கும்.

மறுநாள் மேனேஜர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். 7.46-க்கு ஒரே வரி: 12.70 லிட்டர், 1300.00. அதற்கு முந்தைய வரி 7.31, வேறு யாரோ போட்டது. சரி என்று கல்லாவிலிருந்து இரண்டு நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து நீட்டினார்.